பாடம்: சிப்ட் மாற்றம் கேட்டு மேற்பார்வையாளருக்குச் செய்தி எழுதுதல்

மீள்குடியேறிய பின் உங்கள் வீட்டில் ஒருவர் ஆடைத் தொழிற்சாலையிலோ, மருத்துவமனையிலோ, கடையிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். அதே நேரம் காணி, வீட்டுத்திட்டம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு போன்ற அலுவல்களும் முடியாமல் இருக்கும். இந்த அலுவல்களுக்கு அலுவலகங்கள் நாளும் நேரமும் குறித்துத்தான் கூப்பிடுகின்றன. அந்த நாளில் உங்களுக்கு வேலை இருந்தால் என்ன செய்வது?

பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. வரவுக்கொடுப்பனவு கொடுக்கும் இடமாக இருந்தால் அதுவும் போகலாம். வேறு சிலர் வேலைக்குப் போய், காணி அலுவலைத் தவறவிடுகிறார்கள். மூன்றாவது வழி, கூட வேலை செய்யும் ஒருவருடன் சிப்ட் மாற்றிக்கொள்வது. ஆனால் நீங்கள் இருவரும் பேசி முடித்தவுடன் சிப்ட் மாறிவிடுவதில்லை. மேற்பார்வையாளர் சம்மதித்து, அந்தச் சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் அது மாறியதாகும். அதற்கான செய்தியை எப்படி எழுதுவது என்பதே இந்தப் பாடம்.

ஓர் உதாரணம்

இந்த உதாரணத்தில் வரும் பெயர்களும் இலக்கங்களும் கற்பனை. இப்படியான நிலைமை பலருக்கும் வரக்கூடியது.

சுகந்தி தருமபுரத்தில் மீள்குடியேறியவர். கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்லொக் மெசினில் வேலை. அங்கே இரண்டு சிப்ட். காலைச் சிப்ட் 6 மணி முதல் 2 மணி வரை, பின்னேரச் சிப்ட் 2 மணி முதல் இரவு 10 மணி வரை. ஒரு கிழமை காலை, அடுத்த கிழமை பின்னேரம் என்று மாறிமாறி வரும். ஞாயிறு விடுமுறை.

மார்ச் 3, திங்கட்கிழமை சுகந்திக்கு ஒரு கடிதம் கிடைக்கிறது. மார்ச் 12, புதன்கிழமை காலை 9 மணிக்குக் காணிக் கச்சேரி, கண்டாவளை பிரதேச செயலகத்துக்கு நேரில் வரவும் என்று அதில் இருக்கிறது. காணிக் கச்சேரி என்பது அரச காணிக்கு உரிமை கோருபவர்களை உத்தியோகத்தர்கள் நேரில் கூப்பிட்டு விசாரிக்கும் நாள். ஒரே காணிக்கு இன்னொருவரும் உரிமை கோரியிருந்தால், போகாதவரின் பக்கத்தைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. ஆகவே சுகந்தி கட்டாயம் போக வேண்டும். ஆனால் மார்ச் 10 தொடங்கும் கிழமையில் அவருக்குக் காலைச் சிப்ட்.

முதற்படி: சரியான ஆளைத் தேடுங்கள்

சுகந்திக்கு முதலில் நினைவு வந்தது பக்கத்து வீட்டுத் தங்கச்சி. அவவும் அதே தொழிற்சாலையில், மற்றச் சிப்டில் வேலை செய்கிறா. ஆனால் அவ உதவியாளர்; ஓவர்லொக் தைக்கத் தெரியாது. மேற்பார்வையாளருக்கு ஆள் எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒரு லைனில் ஒவ்வொருவரும் உடுப்பின் ஒரு பகுதியைத் தைத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். ஒரு மெசின் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பவர்களும் வேலையில்லாமல் காத்திருக்க வேண்டி வரும். ஆகவே அதே மெசினில், அதே அளவு வேகத்தில் தைக்கக்கூடிய ஒருவரைச் சொன்னால்தான் மேற்பார்வையாளர் சம்மதிப்பார். சுகந்தி ஓவர்லொக் தைக்கும் ரஜனியிடம் கேட்டார். ரஜனி மற்றச் சிப்ட். மத்தியானம் 2 மணிக்கு சிப்ட் மாறும்போது இருவரும் வாசலில் சந்தித்துக் கதைத்தார்கள்.

இரண்டாம்படி: இடையிலுள்ள ஓய்வை எண்ணிப் பாருங்கள்

புதன்கிழமை ஒரு நாளுக்கு மட்டும் மாற்றுவோம் என்பதுதான் சுகந்தியின் முதல் யோசனை. காலைச் சிப்டை ரஜனி செய்வார், பின்னேரச் சிப்டை சுகந்தி செய்வார். பார்க்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் முன்நாளையும் பின்நாளையும் எழுதிப் பார்த்தபோது பிரச்சினை தெரிந்தது.

ரஜனிக்குச் செவ்வாய் பின்னேரச் சிப்ட். இரவு 10 மணிக்கு வேலை முடித்து, புதன் காலை 6 மணிக்கு மெசினில் இருக்க வேண்டும். இடையில் 8 மணித்தியாலம்தான். சுகந்திக்கும் அதே நிலை. புதன் இரவு 10 மணிக்கு முடித்து, தருமபுரம் போய்ச் சேர 11 மணி ஆகும். வியாழன் விடியற்காலை 5 மணிக்கு முன் திரும்ப வெளிக்கிட வேண்டும். சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணித்தியால நித்திரைகூட மிஞ்சாது. நித்திரைத் தூக்கத்தில் மெசினில் இருந்தால் ஊசி விரலில் ஏறும் ஆபத்து உண்டு.

இன்னொரு வழியும் சிலர் யோசிப்பதுண்டு. புதன்கிழமை ரஜனியே இரண்டு சிப்டையும் சேர்த்துச் செய்வது, அதற்குப் பதிலாக இன்னொரு நாள் சுகந்தி இரண்டையும் செய்வது. இது காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணித்தியாலம். இதைக் கேட்கவே வேண்டாம். பொறுப்பான மேற்பார்வையாளர் சம்மதிக்கவும் மாட்டார்.

ரஜனி வேறொன்று சொன்னார்: "ஒரு நாளை மாத்தாமல் முழுக் கிழமையையும் மாத்துவம்." மார்ச் 10 முதல் 15 வரை சுகந்தி பின்னேரம், ரஜனி காலை. அடுத்த கிழமை, மார்ச் 17 முதல் 22 வரை, திரும்பவும் மாற்றிக்கொள்வது. கிழமை மாறும் இடத்தில் ஞாயிறு விடுமுறை வருவதால் இருவருக்கும் ஓய்வு குறையவில்லை. கணக்கும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கடிதம் ஒன்பது நாள் முன்னரே வந்ததால்தான் இது முடிந்தது. ஆகவே கடிதம் கிடைத்த அன்றே பேசத் தொடங்குங்கள்.

மூன்றாம்படி: செய்தியை எழுதுங்கள்

சுகந்தி முதலில் எழுதிய செய்தி இது:

"சேர், புதன்கிழமை எனக்கு காலையில வர ஏலாது. வீட்டில ஒரு அலுவல் இருக்கு. ரஜனி வருவா."

இதை வாசிக்கும் மேற்பார்வையாளரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவரின் கீழ் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். எந்தச் சுகந்தி? எந்தப் புதன்? எந்த ரஜனி, அவவுக்கு எந்த மெசின் தெரியும்? ரஜனி வந்தால் அவவின் சிப்டை யார் செய்வது? இத்தனைக்கும் அவர் திரும்ப அழைத்துக் கேட்க வேண்டும். வேலை நேரத்தில் அதற்கு அவருக்கு நேரம் இருக்காது. "பிறகு பார்ப்பம்" என்று விட்டுவிடுவார். அதோடு, இந்தச் செய்தி கேட்கவில்லை, அறிவிக்கிறது. சம்மதம் கொடுக்க வேண்டியவருக்கு அது பிடிக்காது.

சுகந்தி திரும்ப எழுதியது இது:

"வணக்கம் சேர். நான் சுகந்தி, இல. 214, லைன் 3, ஓவர்லொக். மார்ச் 12 புதன் காலை 9 மணிக்கு எனக்குக் காணிக் கச்சேரி, நேரில் போக வேண்டும். கடிதம் இருக்கு. மார்ச் 10 முதல் 15 வரை என் காலைச் சிப்டை ரஜனி (இல. 231, லைன் 7, ஓவர்லொக்) செய்வதற்கும், அவவின் பின்னேரச் சிப்டை நான் செய்வதற்கும் அனுமதி கேட்கிறேன். மார்ச் 17 முதல் 22 வரை திரும்ப மாற்றிக்கொள்வோம். ரஜனிக்குச் சம்மதம். சரியா என்று பதில் அனுப்புங்கோ சேர்."

இதில் ஐந்து விடயங்கள் இருக்கின்றன: நீங்கள் யார், ஏன் மாற்ற வேண்டும், எந்த நாள் எந்தச் சிப்ட், உங்களுக்குப் பதிலாக யார், எப்போது திருப்பிச் செய்வீர்கள். கடைசியில் பதில் கேட்டிருக்கிறது. உங்கள் செய்தியை அனுப்பும் முன் இந்த ஐந்தையும் விரல் மடித்து எண்ணிப் பாருங்கள்.

காரணத்தை ஒரே வரியில் எழுதினால் போதும். "வீட்டு அலுவல்" என்றால் அது எந்த நாளுக்கும் தள்ளிப்போடக்கூடியதாகத் தெரியும். நாளும் நேரமும் அலுவலகம் குறித்தது என்று சொன்னால், அதை உங்களால் மாற்ற முடியாது என்பது விளங்கும். அதற்கு மேல் குடும்பக் கதையோ, இடம்பெயர்ந்த கதையோ எழுதத் தேவையில்லை. நோய் என்றால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "கிளினிக் நாள், அட்டை இருக்கு" என்பது போதும்.

உங்கள் மேற்பார்வையாளர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம். அப்படியானால் திகதி, நேரம், தொழிலாளி இலக்கம், லைன் இலக்கம் எல்லாவற்றையும் எண்ணில் எழுதுங்கள். எண்கள் எல்லோருக்கும் பொது. பிறகு மொழி தெரிந்த ஒருவரை வைத்து, கடிதத்தையும் காட்டி, நேரில் சொல்லுங்கள். தமிழில் எழுதும் குறுஞ்செய்தி ஒன்றில் 70 எழுத்துக்குறிகள்தான் அடங்கும். நீண்டால் அது பல துண்டுகளாகப் போகும். சில பழைய கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரியும். சந்தேகமாக இருந்தால் இதே வசனங்களை ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்திருங்கள்.

நான்காம்படி: இரண்டு பக்கமும் பதில் வர வேண்டும்

அதிகமான மாற்றங்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். காலைச் சிப்டுக்கும் பின்னேரச் சிப்டுக்கும் மேற்பார்வையாளர் வேறு வேறு. சுகந்தியின் மேற்பார்வையாளர் சம்மதித்துவிட்டார். ஆனால் ரஜனியின் மேற்பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், அவரின் பட்டியலில் ரஜனி "வரவில்லை" என்று விழும். சுகந்தி அங்கே போய் நின்றால் அவருக்கு மெசினும் இருக்காது. ஆகவே ரஜனியும் தன் மேற்பார்வையாளருக்கு இதே விபரங்களுடன் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.

பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் பொறுத்து, நேரில் போய்க் கேளுங்கள். "சரி" என்று வாயால் சொன்னால், "நன்றி சேர். மார்ச் 10–15 மாற்றத்துக்கு நீங்கள் இன்று சம்மதித்ததாக எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பி விடுங்கள். அந்தச் செய்தியையும் பதிலையும் சம்பளம் கைக்கு வரும்வரை அழிக்க வேண்டாம்.

ஐந்தாம்படி: போக்குவரத்துப் பட்டியல்

சுகந்திக்கு வியாழக்கிழமையே இரண்டு பக்கச் சம்மதமும் கிடைத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். ஆனால் இரவு 10 மணி பஸ் யார் யாரை எங்கே இறக்குவது என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அது மேற்பார்வையாளரிடம் இல்லை. போக்குவரத்தைப் பார்க்கும் பகுதியிடம் இருக்கிறது. அந்தக் கிழமை இரவுப் பட்டியலில் தருமபுரம் பக்கம் யாரும் இல்லாவிட்டால், பஸ் பரந்தன் சந்தியால் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பாமலே போய்விடலாம். அந்த நேரத்தில் ஏ-35 வீதியில் வேறு பஸ்ஸை நம்பி நிற்க முடியாது.

ஆகவே சம்மதம் கிடைத்தவுடன் அதைப் போக்குவரத்துப் பகுதிக்குக் காட்டி, இருவரின் பெயரையும் மாற்றச் சொல்லுங்கள். சுகந்தி இரவு பஸ் பட்டியலுக்கும், ரஜனி விடியற்காலைப் பட்டியலுக்கும் மாற வேண்டும். தொழிற்சாலை பஸ் இல்லாத இடமென்றால், இரவு உங்களைக் கூட்டிச்செல்ல யார் வருவார் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுச் சிப்ட் மாற்றம் கேளுங்கள்.

செய்யக் கூடாதது

மற்றவரின் வரவு அட்டையை ஒருபோதும் பதியாதீர்கள். உங்களுடையதைப் பதியவும் விடாதீர்கள். "நான் வரேக்குள்ள உன்ர அட்டையையும் அடிச்சு விடுறன்" என்று அன்பாகச் சொல்வார்கள். ஆனால் நிறுவனத்தின் கண்ணில் அது பொய்ப்பதிவு. இருவரின் வேலைக்கும் ஆபத்து. அதோடு, சிப்டில் ஒரு விபத்து நடந்தால், மெசினில் இருந்தவர் ஒருவர், பதிவில் இருப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடும். காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்பது அதனால் சிக்கலாகும்.

இரவு வேலை பற்றிய சட்டம்

இரவு 10 மணிக்குப் பிந்திய சிப்டுக்கு மாறும்படி யாராவது கேட்டால், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் பெண்கள், இளைஞர், பிள்ளைகள் தொழில் பற்றிய சட்டம் 1984இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒரு பெண்ணை அவருடைய விருப்பமின்றி இரவில் வேலை செய்ய வைக்க முடியாது. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் வேலை செய்த பெண்ணை அதே நாள் இரவு 10 மணிக்குப் பின் வேலைக்கு அமர்த்தக் கூடாது. ஒரு மாதத்தில் பத்து நாட்களுக்கு மேல் இரவு வேலை கொடுக்கவும் கூடாது. நீங்கள் இருவரும் விரும்பி மாற்றிக்கொண்டாலும் இந்த எல்லைகள் அப்படியே இருக்கும். ஆகவே மாற்றம் கேட்கும் முன் அந்த மாதத்தில் எத்தனை இரவு ஏற்கெனவே செய்தீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிலும் கடையிலும்

மருத்துவமனையில் கடமைப் பட்டியலை விடுதிப் பொறுப்பாளர் வைத்திருப்பார். செய்தி அனுப்பினாலும் அந்தப் பட்டியலில் பெயர் வெட்டி எழுதப்படும்வரை கடமை உங்களுடையதுதான். போய்ப் பாருங்கள். இன்னொன்று, மாற்றிக்கொண்டவர் வந்து பொறுப்பெடுக்கும்வரை விடுதியை விட்டுப் போக முடியாது. அவர் பஸ் பிந்தி வந்தால் உங்கள் 9 மணி அலுவலும் பிந்தும். எனவே இரவுக் கடமை முடித்து நேரே அலுவலகத்துக்குப் போகும்படி திட்டமிடாதீர்கள். முன்நாள் பகல் கடமையாக மாற்றிக் கேளுங்கள்.

சிறிய கடைகளில் மாற்ற ஆள் இருக்காது. அங்கே ஆளை மாற்றாமல் நாளை மாற்றக் கேட்கலாம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. "இந்தக் கிழமை என் அரைநாளை புதன் காலைக்குத் தாங்கோ, சனிக்கிழமை முழுநாளும் நிற்கிறேன்" என்று கேட்டால் முதலாளிக்கும் நட்டமில்லை. அதே சட்டத்தில் வருடத்துக்கு 7 நாள் தற்செயல் விடுமுறையும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கிடைக்கும்.

முடியாது என்று சொன்னால்

மேற்பார்வையாளருக்கு மறுக்கும் உரிமை உண்டு. அப்போது ஏன் என்று கேளுங்கள். ரஜனியின் லைனில் அவசர ஓடர் என்றால், வேறொரு ஓவர்லொக் ஆளைச் சொல்லிப் பார்க்கலாம். அந்தக் கிழமை யாரையும் விட முடியாது என்றால், அந்த ஒரு நாளுக்கு விடுமுறை கேட்டு, கடிதத்தின் பிரதியை இணைத்து எழுதிக் கொடுங்கள். அதனால் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்பதையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தாலும் சொல்லிவிட்டுப் போனவர், சொல்லாமல் நின்றவர் என்று எழுதப்பட மாட்டார்.

மாதக் கடைசியில்

சம்பளச் சீட்டு வந்ததும் வேலை செய்த நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். சுகந்தியின் சீட்டில் மார்ச் 12 "வரவில்லை" என்று இருந்தால், அவர் சேமித்து வைத்த பதிலை மனிதவளப் பகுதிக்குக் காட்டித் திருத்தக் கேட்க வேண்டும். அங்கே தீராவிட்டால் அதே செய்திகளுடனும் சம்பளச் சீட்டுடனும் தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்துக்குப் போகலாம்.

பயிற்சி

உங்கள் சொந்தப் பெயர், இலக்கம், சிப்டை வைத்து ஒரு செய்தி எழுதுங்கள். உங்கள் பிள்ளைக்கு அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். யார், ஏன், எந்த நாள் எந்தச் சிப்ட், பதிலாக யார், எப்போது திருப்பிச் செய்வது என்ற ஐந்துக்கும் அவர் உங்களைக் கேட்காமலே பதில் சொன்னால், செய்தி அனுப்பத் தயார். பிறகு முன்நாள் வேலை முடியும் நேரத்தையும் பின்நாள் தொடங்கும் நேரத்தையும் எழுதி, இடையில் எத்தனை மணித்தியாலம் என்று எண்ணிப் பாருங்கள்.